கட்டுப் பிரித்த பிறகு வரும் கடிதம்

கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டில் இருந்தவருக்கு, கட்டைப் பிரிக்கும் நாளில்தான் அடுத்த அதிர்ச்சி. எலும்பு ஒட்டிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்-ரேயைக் காட்டுகிறார். காலைப் பார்த்தால் நம்பிக்கை வருவதில்லை. தோல் செதில் செதிலாக உரிகிறது. கெண்டைச்சதை வற்றிப்போயிருக்கிறது. தொங்கவிட்ட ஐந்தாவது நிமிடத்தில் பாதம் ஊதாவும் சிவப்புமாக நிறம் மாறி வீங்குகிறது. எழுந்து நிற்கப் பார்த்தால் கணுக்கால் மடங்க மறுக்கிறது.

“பிசியோதெரபி எடுத்துக்கொள்ளவும்” என்ற ஒரு வரியோடு அவர்கள் எங்களிடம் வருகிறார்கள். பல இடங்களில் அவர்களுக்குக் கிடைப்பது படம் போட்ட ஜெராக்ஸ் தாள்: பத்துப் பன்னிரண்டு பயிற்சிகள், ஒவ்வொன்றும் பத்து முறை, தினம் மூன்று வேளை. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் எங்களைப் பார்ப்பவர், மீதி நேரமெல்லாம் அந்தத் தாளோடுதான் தனியாக இருக்கிறார். வலித்தால் என்ன செய்வது, எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தாள் சொல்வதில்லை. எனவே நான் தாள் கொடுப்பதில்லை, கடிதம் எழுதுகிறேன். அப்படி ஒரு கடிதத்தை இங்கே பிரித்துக் காட்டுகிறேன். கடிதத்துக்கு உரியவர் ஒரே ஆள் இல்லை. யாரும் அடையாளம் தெரியாதபடி சிலருடைய விவரங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அவருக்கு 46 வயது. வீட்டுத் திண்ணையில் மிதி மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவர். குளியலறைப் படியில் வழுக்கி வலது கணுக்கால் திரும்பி, வெளிப்பக்க மொளி முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று கட்டு. ஏழாவது வாரத் தொடக்கத்தில் எக்ஸ்-ரே பார்த்து, “தாங்கும் அளவு ஊன்றலாம்” என்று எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சர்க்கரை இல்லை, புண் ஆறிவிட்டது. இந்த இரண்டையும் கேட்ட பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன்.

கடிதம் இப்படித் தொடங்குகிறது:

“வணக்கம் அக்கா. இன்று உங்கள் காலை அளந்ததில் மூன்று விஷயம் தெரிந்தது. இடது பாதத்தை முகத்தை நோக்கி 15 டிகிரி மேலே இழுக்கிறீர்கள். வலது பாதம் நேர்கோணத்துக்கே 5 டிகிரி குறைவாக நின்றுவிடுகிறது. முழங்கால் சில்லுக்கு 10 செ.மீ. கீழே சுற்றளவு எடுத்தால் வலது கெண்டைக்கால் இரண்டரை செ.மீ. இளைத்திருக்கிறது. கணுக்காலைச் சுற்றி எடுத்த அளவு வலதில் 51.5, இடதில் 49; அதாவது வீக்கம் இரண்டரை செ.மீ. அடுத்த ஆறு வாரமும் நாம் இந்த மூன்றையும்தான் துரத்தப்போகிறோம். முதலில் மடங்குவது, அப்புறம் பலம். வீக்கம் இரண்டுக்கும் கூடவே வரும்.”

மடங்குவதை ஏன் முதலில் வைக்கிறேன் என்பதற்கு எலும்பின் வடிவம்தான் காரணம். கீழ்க்காலில் இரண்டு எலும்புகள். இரண்டும் கீழே வந்து உள்ளும் புறமும் மொளிகளாகப் புடைத்து, நடுவில் ஒரு பள்ளத்தை விட்டிருக்கின்றன. தச்சர் துளையில் கழுந்தை இறக்கியது போல, பாதத்தின் உச்சி எலும்பு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்த உச்சி எலும்பு பின்பக்கம் குறுகலாகவும் முன்பக்கம் அகலமாகவும் இருக்கும். விரல் நுனியைக் கீழே அழுத்தும்போது குறுகிய பாகம் பள்ளத்துக்குள் வரும், இடம் தாராளம். பாதத்தை மேலே தூக்கும்போது அகலமான பாகம் பின்னோக்கி நழுவி உள்ளே போக வேண்டும், அப்போது இடம் இறுக்கம். ஆறு வாரம் அசையாமல் கிடந்த மூட்டில் உறையும் பின்பக்கத்துக் குதிகால் நரம்பும் சுருங்கிப்போயிருக்கும். அதனால் மேல்நோக்கிய மடக்கம்தான் முதலில் போகிறது, கடைசியில் திரும்பி வருகிறது.

சமதரையில் நொண்டாமல் நடக்க இந்த மடக்கம் ஏறக்குறைய 10 டிகிரி வேண்டும். படி இறங்க அதைவிட அதிகம். தரையில் குந்தி உட்கார, எடையோடு 30 டிகிரிக்கு மேலே போக வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சித் தாள்கள் படி ஏறி இறங்குவதோடு முடிந்துவிடுகின்றன, அவர்களுக்கு அது போதும். இந்திய முறைக் கழிப்பறை இருக்கும் வீட்டில், தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறவருக்கு, படியோடு சிகிச்சையை முடித்துவிட்டால் பாதி வேலை பாக்கி. இதைக் கேட்காமல் பயிற்சி எழுதித் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த அக்காவுக்கு இன்னொன்றும் உண்டு: தையல் மெஷின் மிதி.

முதல் வாரத்துக்கான பகுதி:

“இந்த வாரம் நான்கே வேலை. ஒன்று, காலை உயர்த்துவது. நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் காலை வைப்பது கணக்கில் வராது. படுத்துக்கொண்டு, கணுக்கால் நெஞ்சைவிட மேலே இருக்கும்படி தலையணைகளை அடுக்கி, 20 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை. படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் நிதானமாக ஆட்டுங்கள்.

இரண்டு, துண்டால் இழுப்பது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, விரல்களுக்குக் கீழே இருக்கும் மேட்டில் துண்டை மாட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்து 30 விநாடி பிடியுங்கள். மூன்று முறை. பிறகு முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, சற்று மடக்கி, அதே மூன்று முறை. கெண்டைக்காலில் இழுபட்டால் சரி. கணுக்காலின் முன்பக்கம் குத்தினால் இழுப்பைக் குறையுங்கள்.

மூன்று, கட்டை விரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். முழங்கால் அசையக் கூடாது, எழுதுவது பாதம் மட்டும். நான்கு, ஊன்றிப் பழகுவது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் செய்வது நல்லது. ஒரு ரவிக்கை வெட்டி முடித்தால் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

துண்டை முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை என்று இழுக்கச் சொல்வது ஏன் என்று பலர் கேட்பார்கள். கெண்டைக்காலில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே இருப்பது முழங்காலுக்கு மேலிருந்தே கிளம்புவதால், முழங்கால் நீண்டிருந்தால்தான் அது இழுபடும். முழங்காலை மடக்கினால் அது தளர்ந்துவிடும். அடியில் இருக்கும் தசையும் மூட்டின் உறையும் அப்போது மாட்டும். குந்தி உட்காரும்போது முழங்கால் மடங்கித்தானே இருக்கிறது? அதற்கு உதவப் போவது இந்த இரண்டாவது இழுப்புதான். நேரம் இல்லை என்று ஒன்றை விடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விடுகிறார்கள்.

ஊன்றிப் பழகுவதற்கு வீட்டில் எடை பார்க்கும் மெஷின் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கச் சொல்வேன். “தாங்கும் அளவு” என்று டாக்டர் எழுதியது எத்தனை கிலோ என்று ஆறு வாரம் ஊன்றாத காலுக்குத் தெரியாது. பயந்தவர் விரல் நுனியை மட்டும் வைப்பார். தைரியசாலி முதல் நாளே முழு எடையையும் போட்டு, மறுநாள் படுத்துக்கொள்வார்.

“மெஷினைத் தரையில் வைத்து, பக்கத்தில் அதே உயரத்துக்கு ஒரு பலகையைப் போடுங்கள். பலகையில் இடது கால், மெஷினில் வலது கால். வாக்கரைப் பிடித்துக்கொண்டு முள் 20 கிலோ காட்டும் வரை மெதுவாக வலது காலில் சாயுங்கள். குதிகால் மெஷினில் பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடி அந்த அழுத்தத்தை மனதில் வாங்கிக்கொண்டு, விலகி, மறுபடி 20 வருகிறதா பாருங்கள். வீட்டுக்குள் வாக்கரோடு நடக்கும்போது அந்த அழுத்தம்தான் இந்த வாரத்து அளவு. உங்கள் எடை 64 கிலோ. அடுத்த வாரம் பாதி, அதாவது 32. அதற்கடுத்த வாரம் முழுசாக.”

கடிதத்தில் நான் தடித்த எழுத்தில் எழுதும் பகுதி பயிற்சியைப் பற்றியதே அல்ல. வலியைப் பற்றியது. வலியே இல்லாமல் செய்யச் சொன்னால் மூட்டு இறுகியே நிற்கும். வலித்தாலும் பல்லைக் கடித்துச் செய்யச் சொன்னால் வீக்கம் ஏறி, மூன்று நாள் எதுவும் செய்ய முடியாது. இரண்டுக்கும் நடுவே அவரவரே பிடித்துக்கொள்ள ஒரு விதி வேண்டும்.

“வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். பயிற்சி செய்யும்போது மூன்று வரை போகலாம். நான்கைத் தாண்டினால் இழுப்பையோ எடையையோ குறையுங்கள். ஆனால் உண்மையான தீர்ப்பு மறுநாள் காலையில்தான். கட்டிலை விட்டு இறங்கும் முன் இஞ்சு டேப்பை எடுத்துக் கணுக்காலை அளங்கள். முன்பக்கம் தொடங்கி, உட்பக்கமாக இறங்கி, உள்ளங்காலுக்கு அடியில் போய், வெளிப்பக்கம் ஏறி, முன்பக்கத்தைக் குறுக்கே கடந்து, உள் மொளி வழியாகக் குதிகாலுக்கு மேலே பின்னால் சுற்றி, வெளி மொளி வழியாகத் தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். எட்டுப் போட்டது போல. நேற்றுக் காலை அளவும் இன்றைய அளவும் ஒன்றென்றால், நேற்றுச் செய்தது சரியான அளவு. அரை செ.மீ. வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு செ.மீ. ஏறியிருந்தாலோ, முதல் பத்து அடி நேற்றைவிட அதிகமாக வலித்தாலோ, நேற்றுச் செய்தது அதிகம். அன்று பயிற்சியை நிறுத்தாதீர்கள், பாதியாக்குங்கள். அளவு இறங்கியதும் பழையபடி தொடருங்கள்.”

மாலை அளவை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. நாள் முழுக்கத் தொங்கிய கால் மாலையில் வீங்கத்தான் செய்யும். கணுக்கால் முறிவுக்குப் பிறகு மாலை வீக்கம் மாதக் கணக்கில் தொடரும், ஆறு மாதத்தைத் தாண்டுவதும் உண்டு. இதைச் சொல்லி வைக்காததால் மூன்றாம் மாதத்தில் பயந்துபோய் மறுபடி எக்ஸ்-ரே எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த அக்காவிடம் அளவெடுப்பதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் டேப்பைத் தளர்வாகப் பிடித்திருந்ததைத் திருத்தியதே அவர்தான்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களுக்கு:

“நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தை முழுசாகத் தரையில் பதித்து, குதிகால் கிளம்பாமல் பாதத்தை நாற்காலிக்கு அடியில் பின்னுக்கு இழுங்கள். குதிகால் கிளம்பப் பார்க்கும் இடத்தில் பத்து விநாடி நில்லுங்கள். பத்து முறை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால், ஒவ்வொரு வாரமும் பாதம் எவ்வளவு பின்னே போகிறது என்று தெரியும்.

மெஷினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் மிதியில் வையுங்கள். இடது கால் மிதிக்கட்டும், வலது கால் கூடப் போகட்டும். ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று முறை. மூன்றாம் வாரத்தில் வலது காலும் மிதிக்கலாம். பெல்ட் போட்டுத் தைப்பது இப்போதைக்கு வேண்டாம்.

பாதி எடை வலியில்லாமல் தாங்கினால் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வாருங்கள். தடி இடது கையில்.”

தடியை அடிபட்ட காலின் பக்கமே பிடிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். எதிர்ப்பக்கம் பிடித்தால்தான், வலது கால் தரையைத் தொடும்போது தடியும் கூடவே இறங்கி எடையில் பங்கு எடுத்துக்கொள்ளும். கை வீசி நடக்கும் இயல்பும் கெடாது.

தடிக்கு வந்ததும் ஒரு கள்ள நடை தொடங்கும். மூட்டு மடங்காததால் உடம்பு குறுக்குவழி தேடுகிறது: பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, கணுக்காலை மடக்காமலே உள் ஓரத்தின் மேல் உருண்டு கடந்துவிடும். வலியும் இருக்காது, வேகமாகவும் போகலாம். ஆனால் மடக்கம் வளராது, கொஞ்ச நாளில் முழங்காலின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கும். நடக்கிறவருக்கு இது தெரியாது. அதனால் மகளிடம், பின்னால் நின்று போனில் அரை நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லி எழுதினேன். பார்க்க வேண்டியது இரண்டு: வலது பாதத்தின் விரல்கள் இடது பாதத்தைவிட அதிகம் வெளியே திரும்பியிருக்கின்றனவா? இடது காலின் எட்டு வலது காலின் எட்டைவிடக் குட்டையாக விழுகிறதா? வலது காலில் நிற்க உடம்பு அஞ்சினால் இடது கால் அவசரமாகத் தரைக்கு வந்துவிடும். இரண்டில் ஒன்று இருந்தாலும் வேகத்தைக் குறைத்து, குதிகால் முதலில், விரல் கடைசியில் என்று சின்ன எட்டாக நடக்க வேண்டும். வேகம் தானாக வரும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு தடங்கல். முகூர்த்த சீசன், ரவிக்கைகள் குவிந்துவிட்டன. பெல்ட்டைப் போட்டு நான்கு மணி நேரம் தைத்துவிட்டார். மறுநாள் காலை டேப் ஒன்றரை செ.மீ. கூடுதலாகக் காட்டியது. போனில் கூப்பிட்டு, “பிளேட் உடைஞ்சிருக்குமோ தம்பி?” என்றார். ஊன்ற முடிகிறதா என்று கேட்டேன், முடிந்தது. ஒரே இடத்தில் குத்தும் வலி இல்லை, முழுக்கக் கனம்தான் என்றார். கடிதத்தின் விதிப்படி பாதி அளவு, கூடுதலாக இரண்டு முறை காலை உயர்த்துவது. மூன்றாம் நாள் காலை அளவு பழைய இடத்துக்கு வந்தது. மெஷினை விட்டுவிடச் சொல்லவில்லை. அரை மணி தைத்தால் பத்து நிமிடம் காலை மேலே வைக்கும்படி அந்த வாரப் பகுதியைத் திருத்தி எழுதினேன். பிழைப்பை நிறுத்தச் சொல்லும் கடிதத்தை யாரும் பின்பற்றுவதில்லை.

நான்காவது வாரத்திலிருந்து பயிற்சி நின்றபடி. இங்கே ஒரு சோதனையும் சேர்கிறது, அதுவே பயிற்சியும்கூட.

“சுவரைப் பார்த்து நின்று, வலது பாதத்தை முன்னால் வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னே நகர்த்தி மறுபடி தொடுங்கள். குதிகால் கிளம்பாமல் கடைசியாகத் தொட முடிந்த இடத்தில், கட்டை விரலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை செ.மீ. என்று அளங்கள். பிறகு இடது கால். இந்த இரண்டு எண்ணையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுதி வையுங்கள்.”

சுவரிலிருந்து விலகும் ஒவ்வொரு செ.மீ.யும் ஏறக்குறைய மூன்றரை டிகிரி மடக்கத்துக்குச் சமம். கோணமானி இல்லாமல் வீட்டிலேயே நம்பி எடுக்கக்கூடிய அளவு இது. இவருக்கு இடதில் 9 செ.மீ., வலதில் முதல் ஞாயிறு 1.5. மற்றவர்களோடு ஒப்பிட வேண்டியதில்லை, தன் நல்ல காலோடு ஒப்பிட்டால் போதும். பாதம் உள்ளே சரியாமல் முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். சரியவிட்டால் அளவு பொய்யாகக் கூடும்.

பலத்துக்கு ஒரே ஒரு பயிற்சியை மையமாக வைக்கிறேன்: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. முதலில் இரண்டு காலிலும், பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று சுற்று. அது சுலபமானால் இரண்டு காலில் ஏறி, எடையை வலதுக்கு மாற்றி, வலது காலில் மட்டும் மூன்று எண்ணிக்கையில் இறங்க வேண்டும். கடைசியில் ஒற்றைக் காலிலேயே ஏறி இறங்குவது. எல்லோரும் ஏமாறும் இடம் இது. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தால், இரு காலில் ஏறுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இடது காலே முழுசாகத் தூக்குவது தெரியும். மறுபடியும் எடை மெஷின்தான் கைகொடுக்கும்: ஏறும்போது வலது பாதத்தின் கீழ் முள் 30ஐத் தொட்டால் பாதி வேலை வலது கால் செய்கிறது என்று அர்த்தம்.

கூடவே சமநிலை. முறிந்தபோது எலும்போடு தசைநார்களும் இழுபட்டிருக்கும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கியிருக்கும். அதனால் சுவர் மூலையில் முதுகை வைத்து, முன்னால் நாற்காலி போட்டு, வலது காலில் மட்டும் நிற்க வேண்டும். முப்பது விநாடி ஆடாமல் நின்ற பிறகு தலையை இடமும் வலமும் திருப்பியபடி நிற்பது. குளியலறையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள் என்று கடிதத்தில் அடிக்கோடிட்டிருந்தேன். பல் தேய்க்கும்போது செய்யலாம் என்ற யோசனை யாருக்கும் வரும்; இவர் விழுந்ததே அங்கேதான்.

படிக்கு எப்போதும் உள்ள விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட காலும் தடியும் முதலில். சுவர்ச் சோதனையில் வலது அளவு 4 செ.மீ. தாண்டிய பிறகுதான் மாறி மாறிக் கால் வைத்து இறங்கச் சொன்னேன். குந்துவதற்கு அதைவிடப் பொறுமை வேண்டும். குதிகாலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி வரை இறங்குவது முதல் படி. பலகை வாரா வாரம் மெலிதாகும். அதுவரை கழிப்பறையில் நாற்காலி ஸ்டூல்தான்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பகுதி மட்டும் சிவப்பு மையில் இருக்கும். வீக்கம் மாலை நேரத்து விஷயம் என்று அலட்சியம் செய்யக் கூடாத சமயங்கள் அவை. கெண்டைக்கால் திடீரென்று இறுகி, சூடாக, தொட்டால் வலிக்கும்படி வீங்கினால் ரத்த நாளத்தில் கட்டி உறைந்திருக்கலாம்; அன்றே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்குவதோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்த நிலையில் எண்ணெய் போட்டு நீவுவது ஆபத்து: கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். நம் ஊரில் கால் வீங்கினால் முதலில் நடப்பது நீவுவதுதான் என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். தையல் போட்ட இடம் சிவந்து கசிந்தால், காய்ச்சல் வந்தால், நேற்று ஊன்றிய கால் இன்று ஊன்றவே முடியாவிட்டால் எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். இன்னொன்று அபூர்வம், ஆனால் தாமதித்தால் கெட்டியாகிவிடும்: சேலை உரசினாலே எரியும்படி வலி, தோல் பளபளப்பு, நிறம் மாறுவது, பாதம் மட்டும் வியர்ப்பது. நரம்புகள் தாறுமாறாகச் சமிக்ஞை அனுப்பும் நிலை அது. பயிற்சியைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது, அந்த வாரமே வந்து காட்ட வேண்டும்.

இத்தனையும் வீட்டிலேயே செய்தால், தினம் வந்து கரன்ட் வைத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்பார்கள். 2015இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கணுக்கால் முறிந்து கட்டுப் பிரித்த 214 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒரே ஒரு முறை உட்காரவைத்து ஆலோசனை. மற்றப் பிரிவினருக்கு ஆலோசனையோடு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சித் திட்டம். சிக்கலில்லாத ஒற்றை முறிவு உள்ளவர்களுக்கு ஆறு மாதம் வரை பார்த்ததில், மேற்பார்வைப் பயிற்சி கூடுதல் பலன் எதையும் தரவில்லை. என் தொழிலுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான். ஆனால் அதை நான் இப்படிப் படிக்கிறேன்: முதல் நாள் சொல்வது தெளிவாக இருந்தால் மீதியை நோயாளியே பார்த்துக்கொள்வார். கரன்ட் வைத்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். சுவரிலிருந்து ஒரு செ.மீ. பின்னே போக அது உதவி நான் பார்த்ததில்லை.

அதே சமயம் இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் தரக் கூடாது. இரண்டு எலும்புக்கும் நடுவே ஸ்க்ரூ வைத்தவர், மூன்று இடத்தில் முறிந்தவர், ஆபரேஷன் இல்லாமல் கட்டு மட்டும் போட்டவர் என்று ஒவ்வொருவருக்கும் ஊன்றும் நாளே வேறு. இப்போது அந்த நாளும் முன்னே நகர்ந்துகொண்டிருக்கிறது: பிரிட்டனில் ஆபரேஷன் செய்துகொண்ட 561 பேரிடம் நடத்தி 2024இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில், இரண்டாவது வாரத்திலேயே ஊன்றத் தொடங்கியவர்கள் ஆறு வாரம் காத்திருந்தவர்களைவிட எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. அதற்காக, ஊன்ற வேண்டாம் என்று உங்கள் டாக்டர் எழுதியிருந்தால் நீங்களாகவே ஊன்றிவிடாதீர்கள். முறிவின் அமைப்பைப் பார்த்தவர் அவர். பல வருடம் சர்க்கரை இருந்து பாதம் மரத்துப்போனவருக்கு நான் இந்தக் கடிதமே எழுத மாட்டேன். வலிக்கு மார்க் போடும் விதி முழுக்க, வலி தெரியும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மரத்த பாதத்தில் எலும்பு நொறுங்கினாலும் மார்க் பூஜ்யமாகவே இருக்கும். அவர்களுக்கு எடை ஏற்றுவது மெதுவாக, நேரில் பார்த்துப் பார்த்துத்தான். வெந்நீர் ஒத்தடமும் அவர்களுக்குக் கூடாது.

ஆறு வாரப் பயிற்சி முடிந்து அந்த அக்கா வந்தபோது காலை அளவு வலதில் 50, இடதில் 49. சுவர்ச் சோதனை 6.5, இடது 9. ஒற்றைக் காலில் 22 விநாடி நின்றார். குதிகாலைத் தூக்கி இறக்குவது இடதில் 16 முறை, வலதில் 4. கெண்டைச்சதை மெதுவாகத்தான் திரும்பும் என்று அந்த நான்கைப் பார்த்தால் தெரியும். தடி இல்லை, முழு நாள் தைக்கிறார், பிடித்துக்கொண்டு குந்த முடிகிறது. எனவே இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான்: சுவர்ப் பயிற்சியும் குதிகால் தூக்குவதும் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், வலது 12ஐத் தொடும் வரை. சம்மணம் போட்டால் பிளேட் தரையில் அழுந்தி உறுத்துகிறது, அதை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார். தொந்தரவு தராத பிளேட்டை எடுக்க வேண்டியதில்லை, மடித்த துண்டை அடியில் போட்டு உட்காருங்கள், அப்போதும் தினமும் உறுத்தினால் எலும்பு நன்றாகக் கெட்டியான பிறகு டாக்டரிடம் கேளுங்கள் என்று அதிலேயே எழுதிக் கொடுத்தேன்.